பந்தின் உயரமும் பேட்டரின் கால்களும்

கேள்வி: ஊரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் சிக்ஸர் அடித்துப் பேர் வாங்கியவன் நான். இப்போது டெக்சாஸில் அலுவலக அணிக்காக ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பால் ஆடுகிறேன். பந்து மிதந்துகொண்டுதான் வருகிறது. ஆனாலும் நான் அடித்தால் நேராக வானத்துக்குப் போய் உள்வட்டத்திலேயே கேட்சாகிவிடுகிறது. எதிரணி பிட்சருக்கு அறுபது வயதிருக்கும். இன்னொரு சந்தேகமும் உண்டு. பந்து கொஞ்சம் உயரமாகப் போனாலும் தாழ்வாகப் போனாலும் அம்பயர் கத்துகிறாரே, மெதுவாக வீசினால் போதாதா?

பதில்: இரண்டாவது சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். அது தீர்ந்தால் முதல் பிரச்சினைக்கும் பாதி வழி பிறந்துவிடும்.

ஸ்லோ பிட்ச்சில் பந்து ஒரு வளைவில் வந்தாக வேண்டும். அந்த வளைவின் உச்சிக்குக் கீழ் வரம்பும் உண்டு, மேல் வரம்பும் உண்டு. யுஎஸ்ஏ சாஃப்ட்பால் விதியில் உச்சி தரையிலிருந்து 6 அடிக்குக் குறையக் கூடாது, 10 அடியைத் தாண்டவும் கூடாது. மூத்தோர் லீக்குகளில் மேல் வரம்பு 12 அடி. அமைப்புக்கு அமைப்பு இந்த எண்கள் மாறும் என்பதால் சீசன் தொடங்கும்போதே உங்கள் லீக்கின் விதித்தாளைப் பார்த்துவிடுங்கள். 10 அடி என்பது கூடைப்பந்து வளையத்தின் உயரம், 6 அடி ஓர் உயரமான ஆளின் தலை மட்டம். அம்பயர் கண்ணளவில் பிடித்து வைத்திருப்பதும் ஏறக்குறைய இந்த அளவுகளைத்தான்.

கீழ் வரம்பு எதற்கு? விதிப்புத்தகத்தில் பந்து 'மிதமான வேகத்தில்' வர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் மிதம் என்றால் எவ்வளவு என்று மைதானத்தில் வாக்குவாதம் வந்தால் யார் தீர்ப்பது? பூங்கா லீக்கில் யாரும் வேகமானி வைத்துக்கொண்டு நிற்பதில்லை. அந்த வேலையை வளைவு செய்துவிடுகிறது. பிட்சர் இடுப்பளவில், அதாவது ஏறக்குறைய 3 அடி உயரத்தில் பந்தை விடுகிறார், பிளேட் 50 அடி தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்து 6 அடி வரை ஏறி, பிளேட்டருகே மறுபடி 3 அடிக்கு இறங்க வேண்டுமானால், ஏறி இறங்க மட்டுமே 0.86 வினாடி ஆகும். புவியீர்ப்பு யாருக்காகவும் அவசரப்படாது. அந்த நேரத்தில் 50 அடியைக் கடக்க வேண்டுமென்றால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 மைல்தான். அதைவிட வேகமாக வீசினால் பந்து இடுப்புக்கு மேலே, தோளை நோக்கிப் போய்விடும், அல்லது உச்சி 6 அடிக்குக் கீழே இறங்கிவிடும். உச்சி 4 அடியாக இருக்கலாம் என்று அனுமதித்திருந்தால் அதே கணக்கில் வேகம் 70 மைலை நெருங்கிவிடும். அப்புறம் அதை ஸ்லோ பிட்ச் என்று எப்படிச் சொல்வது? ஆகவே 6 அடி விதியைக் கண்ணாலேயே அளக்கக்கூடிய வேக வரம்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

மேல் வரம்பின் காரணம் வேறு. பந்து உயர உயர மெதுவாகும் என்பது சரிதான். ஆனால் அது இறங்கும் கோணம் செங்குத்தாகிக்கொண்டே போகிறது, உங்கள் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. காற்றின் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கைச் சொல்கிறேன். உச்சி 6 அடியென்றால் பந்து 13 அல்லது 14 டிகிரி சரிவில் பிளேட்டைக் கடக்கும். 10 அடியென்றால் சரிவு 30 டிகிரிக்குச் சற்றுக் குறைவு, 12 அடியென்றால் 36 டிகிரி. வரம்பே இல்லாமல் 20 அடிக்குத் தூக்கிப் போட்டால் 50 டிகிரியைத் தாண்டிவிடும். பிளேட்டின் நீளம் முன் விளிம்பிலிருந்து பின் முனை வரை 17 அங்குலம். அந்தத் தூரத்துக்குள் 6 அடி வளைவுப் பந்து 4 அங்குலம்தான் இறங்கும். 12 அடி வளைவுப் பந்து ஒரு முழு அடி இறங்கிவிடும். 20 அடிப் பந்து இறங்குவது ஏறக்குறைய 2 அடி. அப்படிப்பட்ட பந்து பிளேட்டுக்கு மேலே எங்கே ஸ்ட்ரைக், எங்கே இல்லை என்று சொல்ல அம்பயரும் திணறுவார், அடிக்க பேட்டரும் திணறுவார். ஆட்டம் பிட்சர் கைக்குப் போய்விடக் கூடாது, எல்லோரும் பந்தை அடித்து ஓட வேண்டும் என்பதற்காக உருவான வடிவம் இது. மேல் வரம்பு அந்த நோக்கத்தைக் காக்கிறது.

உங்கள் அறுபது வயது பிட்சருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அவர் வேகத்தால் உங்களை வெல்லவில்லை, சரிவால் வெல்கிறார். 12 அடி வளைவில் வரும் பந்து உங்கள் இடுப்புயரத்தைக் கடக்கும்போது வினாடிக்கு 24 அடி வேகத்தில் கீழே விழுந்துகொண்டிருக்கிறது. உங்கள் மட்டை ஒரே மட்டத்தில் கிடையாக வருகிறது என்றால், நேரக்கணிப்பில் நூறில் ஒரு பங்கு வினாடி தவறினாலும் பந்து எதிர்பார்த்த இடத்தைவிட ஏறக்குறைய 3 அங்குலம் மேலேயோ கீழேயோ இருக்கும். மட்டையின் தடித்த பகுதியின் விட்டமே அதிகபட்சம் இரண்டேகால் அங்குலம்தான். கிரிக்கெட்டில் சற்று முந்தி அடித்தால் பந்து ஒரு பக்கம் போகும், பிந்தினால் மறுபக்கம் போகும். இங்கே அதோடு மேலேயும் கீழேயும் போகும். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் தவறை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முந்தி வீசினால் பந்து இன்னும் மட்டைக்கு மேலேதான் இருக்கும். மட்டை அதன் அடிவயிற்றில் படும், பந்து வானத்துக்குப் போகும். நீங்கள் வலக்கை பேட்டர் என்றால் அது பெரும்பாலும் இடப்பக்கம், மூன்றாம் பேஸ் அல்லது ஷார்ட் ஸ்டாப் தலைக்கு மேல் எழும். பிந்தினால் பந்து மட்டைக்குக் கீழே இறங்கிவிட்டிருக்கும். மட்டை அதன் தலையில் படும், பந்து தரையில் உருண்டு வலப்பக்கம் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரரிடம் போகும். அடுத்த சில ஆட்டங்களில் உங்கள் அவுட்டுகளைக் குறித்துவையுங்கள். இடப்பக்கம் எழும் கேட்சுகளே அதிகம் என்றால் நீங்கள் முந்துகிறீர்கள். டென்னிஸ் பந்து ஆடி வந்தவர்களுக்கு இது மிகவும் சகஜம், மெதுவான பந்தைக் கண்டதும் கை பொறுப்பதில்லை. வலப்பக்கம் எழும் கேட்சுகளாக இருந்தால் காரணம் வேறாக இருக்கும். தூக்கி அடிக்க வேண்டும் என்று பின்தோளைத் தாழ்த்தி, மட்டையைக் கீழிருந்து செங்குத்தாகக் கொண்டுவருகிறீர்கள் என்று பொருள்.

முந்துவதற்கு ஒரு எளிய மருந்து உண்டு. பந்து உச்சியைத் தொடும்வரை எடையைப் பின்காலிலேயே வைத்திருங்கள். முன்காலை அப்போதுதான் மெல்ல எடுத்து வையுங்கள். பந்து இறங்கும்போது உங்கள் தலைக்குச் சற்று மேலே வந்ததும் மட்டையை விடுங்கள். 12 அடி வளைவில் அங்கிருந்து இடுப்புக்கு இறங்கப் பந்துக்கு ஏறக்குறைய 0.16 வினாடி ஆகிறது. சராசரி ஆட்டக்காரரின் மட்டை புறப்பட்டுப் பந்தைச் சந்திக்கவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் ஆகும், அதனால் இந்த அடையாளம் பொருந்துகிறது. ஆனால் தட்டையாக வீசும் பிட்சருக்கு இதை வைத்துக்கொள்ளாதீர்கள். 6 அடி வளைவுப் பந்து உங்கள் தலைக்கு மேலே ஏறவே ஏறாமல் போகலாம், காத்திருந்தால் பந்து கடந்துவிடும். அவரிடம் பந்து கையை விட்ட கணத்திலேயே எடையைப் பின்னுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நேரம் சரியாக இருந்தும் பந்து சரியான உயரத்தில் கிடைக்கவில்லை என்று பலர் கையை வளைத்துச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். முழங்காலுக்கு இறங்கிய பந்தைத் தோண்டி எடுப்பார்கள், தோளுயரப் பந்தை வெட்டுவார்கள். வெட்டினால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஸ்லோ பிட்ச் விதிகளில் மட்டையை வெட்டுவதுபோல் கீழ்நோக்கி இறக்கிப் பந்தைத் தரையில் அடித்தால் அவுட், பந்தை மெல்லத் தட்டி வைத்தாலும் அவுட். கையால் சரிசெய்வது கடினம், காலால் சரிசெய்வது எளிது. பந்து சரிவில் வருவதால் நீங்கள் முன்னே ஓர் அடி நகர்ந்தால் அதே பந்து உங்களுக்கு உயரமாகக் கிடைக்கும், பின்னே ஓர் அடி நகர்ந்தால் தாழ்வாகக் கிடைக்கும். 12 அடி வளைவில் ஓர் அடிக்கு ஏறக்குறைய 9 அங்குல வித்தியாசம். 6 அடி வளைவில் 3 அங்குலம்தான். அதாவது பிட்சர் பந்தை எவ்வளவு உயரமாகப் போடுகிறாரோ, அவ்வளவுக்கு உங்கள் கால்களுக்கு அதிகாரம் கூடுகிறது. பேட்டர்ஸ் பாக்ஸ் 7 அடி நீளம். பிளேட்டின் மையத்துக்கு முன்னே 4 அடி, பின்னே 3 அடி. அதில் பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில் வேரூன்றி நிற்கிறார்கள்.

ஓர் உதாரணத்தைக் கடைசி வரை பார்த்துவிடலாம். மூத்தோர் லீக்குகளிலும் பல பொழுதுபோக்கு லீக்குகளிலும் பிளேட்டோடு சேர்த்துப் பின்பக்கம் ஒரு மேட் விரித்திருப்பார்கள். பந்து பிளேட்டிலோ மேட்டிலோ விழுந்தால் ஸ்ட்ரைக். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3 அடி நீளம். பிட்சர் 12 அடியை ஒட்டியே வீசுகிறார். முதல் பந்து மேட்டின் பின் ஓரத்தில் விழுந்தது என்று வையுங்கள். அந்த வளைவில் பந்து இடுப்புயரத்தில் இருக்கும் இடம், அது விழும் இடத்துக்கு ஏறக்குறைய 4 அடி முன்னால். எனவே அந்தப் பந்து பிளேட்டின் முன் விளிம்புக்கு ஓர் அடி முன்னே உங்கள் இடுப்பளவில் இருந்தது. அவர் அதே இடத்தில் மறுபடி போடுவார் என்று நினைத்தால், முன்கால் பிளேட்டின் முன் விளிம்புக்கு நேராக இருக்கும்படி நில்லுங்கள். முன்காலுக்குச் சற்று முன்னே பந்து சரியான உயரத்தில் காத்திருக்கும்.

இரண்டாம் பந்தை அவர் குறைத்துப் போடுகிறார். அது பிளேட்டின் முன் விளிம்பில் விழப் போகிறது, அதுவும் ஸ்ட்ரைக்தான். பிளேட்டுக்கு மேலே அதை அடிக்க நினைத்தால் அங்கே பந்து தரையில் கிடக்கும். அது இடுப்புயரத்தில் இருந்தது பிளேட்டுக்கு 4 அடி முன்னால். பாக்ஸின் முன் கோடு பிளேட்டின் முன் விளிம்பிலிருந்து 3 அடிக்குச் சற்று அதிகமான தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே முன்காலைக் கோட்டை ஒட்டி வைத்தால் காலுக்கு அரை அடி, முக்கால் அடி முன்னே அதை இடுப்பளவில் பிடித்துவிடலாம். பந்து காற்றில் இருக்க ஒன்றரை வினாடி இருக்கிறது. உச்சிக்கு வரும்போதே அது குறைவாக விழும் என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் இரண்டு சிறு அடிகளை முன்னே வைக்க எந்த விதியும் தடுக்கவில்லை. அடிக்கும்போது ஒரு கால் முழுவதுமாகக் கோட்டுக்கு வெளியே தரையில் இருந்தால் மட்டும் அவுட், பிளேட்டை மிதித்தபடி அடித்தாலும் அவுட். வழக்கமாக நின்று ஆடும் இடத்தைக் கொஞ்சம் பின்னே வைத்துக்கொள்ளுங்கள். முன்னே போவது எளிது, பின்னே போய்க்கொண்டே வலுவாக அடிப்பது கடினம்.

மூன்றாம் பந்து வேறு பிட்சர், தட்டையாக 6 அடிக்கு வீசுகிறார். மேட் ஆட்டத்தில் இங்கே உங்களுக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. தட்டையான பந்து மேட்டில் விழ வேண்டுமென்றால், இடுப்புயரத்தை விழும் இடத்துக்குப் பத்தடி முன்னாலேயே கடந்துவிட வேண்டும். அதாவது பிளேட்டுக்கு மேலே அது கெண்டைக்கால் உயரத்தில் வரும். பிளேட்டுக்கு மேலே இடுப்பளவில் சுகமாக மிதந்து வரும் தட்டைப் பந்து மேட்டைத் தாண்டித்தான் விழும், அது ஸ்ட்ரைக் ஆகாது. அடிக்கத் தோதான பந்து என்றால் அடியுங்கள், ஆனால் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டதே என்ற பயத்தில் அடிக்காதீர்கள். மேட் இல்லாத லீக்குகளில் கணக்கு தலைகீழ். அங்கே பின்தோளுக்கும் முன்முழங்காலுக்கும் இடையே பிளேட்டைக் கடந்தால் ஸ்ட்ரைக், அந்தத் தட்டைப் பந்து சுத்தமான ஸ்ட்ரைக். அதனால் விதித்தாளில் வளைவின் உயரத்தோடு ஸ்ட்ரைக் எப்படித் தீர்மானமாகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றதை விட்டால் பயனில்லை.

மட்டை எந்தச் சரிவில் வர வேண்டும்? பந்து 30 டிகிரியில் இறங்குகிறது, ஆகவே மட்டையும் 30 டிகிரியில் ஏற வேண்டும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பந்தின் பாதையோடு மட்டை நீண்ட நேரம் ஒத்துப்போகும் என்பதால் நேரப் பிழையை அது மன்னிக்கும், அது உண்மை. ஆனால் பந்தும் அதே 30 டிகிரியில்தான் புறப்படும். வேலியைத் தாண்டி அடிக்கும் தோள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அது ஓர் எளிய கேட்ச், ஸ்லோ பிட்ச்சில் வெளிவட்டத்தில் மூன்று பேர் அல்ல, நான்கு பேர் நிற்கிறார்கள். பல லீக்குகளில் ஓர் ஆட்டத்தில் இத்தனை ஹோம் ரன்தான் என்ற வரம்பும் இருக்கிறது, அதற்கு மேல் வேலியைத் தாண்டினால் அவுட் என்றுகூட வைத்திருக்கிறார்கள். மட்டையைச் சுத்தமாகக் கிடையாகக் கொண்டுவருவதும் சரிவராது. பந்தின் நடுவிலேயே பட்டாலும், அதற்கு ஏற்கெனவே இருக்கும் கீழ்நோக்கிய வேகம் முழுவதும் போய்விடுவதில்லை, பந்து சற்றுத் தரையை நோக்கியே கிளம்பும். இரண்டுக்கும் நடுவே, பத்துப் பதினைந்து டிகிரி ஏற்றம் போதும். அதில் உள்வட்ட ஆட்டக்காரர்களின் தலைக்கு மேல் போய், வெளிவட்டக்காரர்களுக்கு முன்னே விழும் பந்து கிடைக்கும். உங்கள் வழக்கத்துக்கு இது தாழ்வாகத்தான் தோன்றும். டென்னிஸ் பந்தில் பழகிய 'கீழிருந்து தூக்கு' பழக்கத்தை விட முடியாவிட்டால், முன்முழங்கையைச் சற்று உயர்த்தி வைத்துத் தொடங்கிப் பாருங்கள். பின்தோள் இறங்குவது தானாகவே குறையும்.

அம்பயர் கத்துவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பந்து வரம்புக்கு வெளியே போனால் அது காற்றில் இருக்கும்போதே அவர் 'இல்லீகல்' என்று அறிவிப்பார். நீங்கள் மட்டையை வீசாவிட்டால் அந்தப் பந்து உங்களுக்குச் சாதகமாக 'பால்' என்று கணக்காகும், மேட்டில் விழுந்திருந்தாலும் சரி. வீசிவிட்டால் அறிவிப்பு செல்லாது, நடந்தது நடந்ததுதான். தவறவிட்டால் ஸ்ட்ரைக், கேட்சானால் அவுட். கிரிக்கெட்டின் நோ பாலை மனதில் வைத்துக்கொண்டு, 'எப்படியும் அவுட் இல்லை' என்று ஓங்கி அடிக்கும் புது ஆட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சலுகை இங்கே கிடையாது. குரல் கேட்டதும் மட்டையை நிறுத்திக்கொள்வதே பெரும்பாலும் லாபம். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு நிச்சயம் அப்படித்தான். பல லீக்குகளில் அந்த நிலையில் ஃபவுல் அடித்தாலே அவுட் என்பதையும் நினைவில் வையுங்கள். பழகிய பிட்சர்கள் சிலர் வேண்டுமென்றே 12 அடிக்கு ஒரு விரற்கடை மேலே போட்டு, நீங்கள் ஆசைப்பட்டு வீசுகிறீர்களா என்று பார்ப்பார்கள். உங்கள் அறுபது வயதுக்காரரும் அப்படிச் செய்கிறாரா என்று கவனியுங்கள்.

பயிற்சிக்கு மட்டை வேண்டாம். பிட்சராக ஒரு நண்பரை 50 அடியில் நிறுத்துங்கள். கூடைப்பந்து வளையத்தின் உயரத்துக்கு அவர் தூக்கிப் போடட்டும். நீங்கள் பாக்ஸுக்குள் நின்று, பந்தைக் கையால் இடுப்பளவில், முன்காலுக்குச் சற்று முன்னே மட்டும் பிடியுங்கள். கையை மேலேயும் கீழேயும் நீட்டிப் பிடித்தால் கணக்கில் சேராது. கால்களை நகர்த்தித்தான் பந்தை அந்த இடத்துக்கு வரவழைக்க வேண்டும். நண்பர் சொல்லாமல் ஒன்றைக் குறைத்தும் ஒன்றை நீட்டியும் போடட்டும். பந்து உச்சிக்கு வரும்போதே உங்கள் கால் நகரத் தொடங்கினால் பயிற்சி வேலை செய்கிறது. அது பாதித் தூரம் இறங்கிய பிறகுதான் கால் அசைகிறதென்றால், மட்டையை எடுக்க இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.